விலைப்பட்டியலை மூன்று பத்தியாக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் தொடங்கியது. ஜனவரியில் அது வருகிறதென்றால் டிசம்பரிலேயே திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்து அச்சு வேலைக்காரர்களின் மேசையில் விலைப்பட்டியல்கள் குவிந்துவிடும். அரங்குக்கு வருகிறவர் கையில் எடுத்துக்கொண்டு போகும் தாள் அது. வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்து, வேண்டியதைக் குறித்துக்கொண்டு மறுநாள் திரும்பி வருவார். அதனால் அவர் தேடும் எழுத்தாளரின் நூல்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தாளும் அதிகமாகக் கூடாது.

சென்ற முறை ஒரு சிறு பதிப்பாளர் என்னிடம் கொடுத்த கோப்பை வைத்தே இதை எழுதுகிறேன். 58 எழுத்தாளர்கள், 376 நூல்கள். எழுத்தாளர் பெயர் ஒரு வரி, அதன் கீழ் நூல்கள் ஒவ்வொன்றும் விலையோடு ஒரு வரி, பிறகு ஒரு வெற்று வரி. எல்லாம் வேர்டில், ஒற்றைப் பத்தியில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. "தம்பி, பத்துப் பக்கம் வருகிறது. ஐந்நூறு படி போடவேண்டும். நாலு பக்கத்துக்குள் அடக்கித் தர முடியுமா?" என்று கேட்டார். பத்துப் பக்கம் என்றால் இருபக்கம் அச்சிட்டாலும் ஒரு படிக்கு ஐந்து தாள். ஐந்நூறு படிக்கு 2,500 தாள், அதாவது ஐந்து ரீம். நாலு பக்கம் என்றால் இரண்டே ரீம்.

ஒரு சொல் விளக்கம். பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் நெடும்பிரிவை இங்கே 'பத்தி' என்கிறேன். என்டர் தட்டி முடிக்கிற ஒவ்வொரு துண்டையும் அச்சகத்தில் சொல்வதுபோல் 'பாரா' என்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கீழே உள்ளது எதுவும் விளங்காது.

அறிகுறி: எத்தனை பத்தி வைத்தாலும் பக்கம் குறையவில்லை

வேர்டைத் தொடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் வரிகளை எண்ணுங்கள். ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. மேலும் கீழும் 15 மி.மீ. ஓரம் விட்டால் 267 மி.மீ. மிஞ்சும். வரிக்கு வரி 14 புள்ளி என்று வைத்தால் ஒரு பத்தியில் 54 வரி பிடிக்கும். நம் பட்டியலில் 376 நூல் வரி, 58 பெயர் வரி, 58 இடைவெளி வரி, ஆகமொத்தம் 492 வரி. ஒற்றைப் பத்தியில் ஒன்பது பக்கம் நிறைந்து, பத்தாம் பக்கத்தில் ஆறே வரி தொங்கிக்கொண்டு நின்றது அதனால்தான்.

பத்தியைக் கூட்டினால் அகலம் குறைகிறது, நீளமான நூல் பெயர்கள் இரண்டாம் வரிக்கு மடிகின்றன. இந்த மடிப்பைக் கணக்கில் எடுக்காமல் "மூன்று பத்தி, ஆகவே மூன்றில் ஒரு பங்கு பக்கம்" என்று நினைப்பதுதான் பிழை. பக்கவாட்டு ஓரம் 12 மி.மீ., பத்திகளுக்கு இடையே 6 மி.மீ. என்று வைத்துப் பார்த்தேன். இரண்டு பத்தியென்றால் அகலம் 90 மி.மீ.; ஐந்து நூல்தான் மடிந்தது. மொத்தம் 497 வரி, பக்கத்துக்கு 108 வரி, ஆகவே ஐந்து பக்கம். மூன்று பத்தியென்றால் அகலம் 58 மி.மீ.; 63 நூல்கள் மடிந்தன. மொத்தம் 555 வரி, பக்கத்துக்கு 162 வரி, ஆகவே நாலு பக்கம். நாலு பத்தியென்றால் அகலம் 42 மி.மீ.; பாதிக்கு மேல், ஏறக்குறைய 200 நூல்கள் மடிந்தன. மொத்தம் 692 வரி, பக்கத்துக்கு 216 வரி. அதுவும் நாலு பக்கம்தான்! படிப்பதற்குச் சிரமம் மட்டும் கூடியிருக்கும்.

ஆகவே மூன்று பத்தி. நாலு பக்கத்தில் 648 வரி இடம் இருக்கிறது, பட்டியலுக்கு வேண்டியது 555 வரி. மீதி 93 வரிதான் நம் கையிருப்பு. ஓர் எழுத்தாளரின் நூல்களைப் பிரிக்காமல் வைப்பதால் பத்திகளின் அடியில் வீணாகும் வரிகளெல்லாம் இதிலிருந்துதான் கழியும். இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அறிகுறி: புதிதாக ஒரு நூலைச் சேர்த்ததும் எல்லாம் இடம் மாறிவிடுகிறது

பட்டியலை மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணையிலோ, டேப் விசையைத் தட்டித் தட்டியோ பத்திபோலக் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படி அடித்ததில் வரிகள் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. நடுவில் ஒன்று சேர்ந்தால் அதற்குப் பிறகு உள்ள அத்தனையும் கையால் நகர்த்தப்பட வேண்டும். இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. ஒரே நேர்க்கோட்டுப் பட்டியலாக, ஒரு பாராவுக்கு ஒரு நூல் என்று திரும்ப ஆக்கிவிட்டு, பட்டியலை முழுவதும் தேர்ந்தெடுத்து `Layout > Columns > More Columns` போய் மூன்று என்று கொடுங்கள். அகலத்தையும் இடைவெளியையும் அங்கேயே அமைக்கலாம்.

அறிகுறி: கடைசிப் பக்கத்தில் முதல் பத்தி அடிவரை நிறைந்திருக்கிறது, மூன்றாவது காலியாக இருக்கிறது

வேர்டு ஒரு பத்தியை அடிவரை நிரப்பிய பிறகுதான் அடுத்ததற்குப் போகும். முழுப் பக்கங்களில் இது தெரியாது. கடைசிப் பக்கத்தில்தான் பல் விழுந்ததுபோல் தெரியும். பலரும் செய்வது, முதல் பத்தியின் நடுவில் என்டரைத் தட்டித் தட்டி மீதியை அடுத்த பத்திக்குத் தள்ளுவது. இன்னும் சிலர் `Ctrl+Shift+Enter` தட்டிப் பத்தியை வெட்டுவார்கள். இரண்டும் அன்றைக்குச் சரியாகத் தெரியும். பதிப்பாளர் "இன்னும் மூன்று நூல் விட்டுப்போயிற்று" என்று சொன்ன மறுகணமே கலைந்துவிடும்.

சரியான வழி இது. பட்டியலின் கடைசி நூலுக்கு அடுத்த இடத்தில் கர்சரை வைத்து `Layout > Breaks > Continuous` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பகுதி இங்கே முடிகிறது, ஆனால் பக்கம் முடியவில்லை என்று வேர்டுக்குத் தெரிந்ததும், அந்தப் பக்கத்தில் உள்ள வரிகளை மூன்று பத்திக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுவிடும். இந்தப் பங்கீடு பகுதி முடிகிற பக்கத்தில் மட்டுமே நடக்கும். முந்தைய பக்கங்கள் வழக்கம்போல் அடிவரை நிறையும். நமக்கும் அதுதான் வேண்டும்.

செய்தும் பங்கிடவில்லை என்றால், `Ctrl+Shift+8` தட்டி மறைகுறிகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பட்டியலின் முடிவில் `Section Break (Continuous)` என்று இருக்க வேண்டும். `Section Break (Next Page)` என்று இருந்தால் பங்கீடு நடக்காது. இதைத் திருத்தும் இடம் பலரைக் குழப்பும். ஒரு பகுதி எப்படித் தொடங்க வேண்டும் என்பது அந்தப் பகுதியின் அமைப்பில் இருக்கிறது. ஆகவே முறிவுக்குக் கீழே உள்ள பகுதியில் கர்சரை வைத்துக்கொண்டுதான் `Page Setup` பெட்டியில் `Section start` என்பதை `Continuous` ஆக்க வேண்டும். மேலே பட்டியலுக்குள் நின்றுகொண்டு மாற்றினால் பட்டியல் தொடங்கும் விதம்தான் மாறும்.

கீழே வரும் பகுதியும் மூன்று பத்தியாகவே தொடரும். நான் அதை ஒற்றைப் பத்தியாக்கி, பதிப்பகத்தின் முகவரி, அஞ்சல் செலவு விவரம் ஆகியவற்றை அங்கே வைக்கிறேன். சமமாக முடிந்த மூன்று பத்திகளுக்குக் கீழே முழு அகலத்தில் அது நன்றாக உட்காரும்.

அறிகுறி: எழுத்தாளர் பெயர் பத்தியின் அடியிலும், அவருடைய நூல்கள் அடுத்த பத்தியின் தலையிலும் நிற்கின்றன

பெயர் வரிக்கென ஒரு ஸ்டைல் உருவாக்குங்கள். நான் அதற்கு `Author` என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்த ஸ்டைலின் `Paragraph > Line and Page Breaks` பகுதியில் `Keep with next` என்பதற்குக் குறியிடுங்கள். இந்தப் பாரா அடுத்த பாராவை விட்டுப் பிரியக்கூடாது என்பதே அதன் பொருள்.

குறியிட்டும் பிரிகிறதா? பெயருக்கும் முதல் நூலுக்கும் நடுவில் ஒரு வெற்று பாரா இருக்கும். நான் பார்த்தவரை பத்தில் ஏழு எட்டு கோப்புகளில் காரணம் இதுதான். பெயர் வரி சொன்னபடி அடுத்த பாராவோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த அடுத்த பாரா வெறும் என்டர். மறைகுறிகளைக் காட்டினால் தனியாக நிற்கும் ¶ குறி கண்ணில் படும். அதை நீக்கிவிட்டு, இடைவெளி வேண்டுமென்றால் ஸ்டைலில் `Spacing After` கொடுங்கள்.

அறிகுறி: பெயரும் இரண்டு நூலும் இங்கே, மீதி மூன்று நூல் அங்கே

இந்த இடத்தில்தான் வேலை இருக்கிறது. ஐந்து நூல் எழுதியவரின் பெயர் ஒரு பத்தியிலும் பாதி நூல்கள் அடுத்த பக்கத்திலும் இருந்தால், வாங்க வந்தவர் அந்தப் பாதியைப் பார்க்கவே மாட்டார். ஒவ்வொரு குழுவிலும் கடைசி நூலைத் தவிர மற்ற எல்லா வரிகளும் `Keep with next` பெற வேண்டும். அப்போது குழு முழுவதும் ஒரு சங்கிலியாகிவிடும். கடைசி நூலில் சங்கிலி அறுபட்டு, அடுத்த எழுத்தாளரிலிருந்து புதிய சங்கிலி தொடங்கும்.

58 குழுவுக்கும் கையால் செய்யலாம், ஆனால் பதிப்பாளர் மறுபடி நூல் சேர்ப்பார். ஒரு குழுவின் கடைசியில் புதிய நூல் சேரும்போது குறி தவறிப்போகும். அதனால் ஒரு சிறு மேக்ரோ வைத்திருக்கிறேன். முதலில் எல்லாப் பெயர் வரிகளுக்கும் `Author` ஸ்டைல் கொடுத்துவிடுங்கள். பிறகு `Ctrl+H` தட்டி, `^p^p` என்பதை `^p` என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்ற எதுவும் இல்லை என்று வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தால் வெற்று வரிகள் போய்விடும். இந்த வரிசை மாறக்கூடாது. ஸ்டைல் கொடுப்பதற்கு முன் வெற்று வரிகளை அழித்தால் எது பெயர், எது நூல் என்று கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுவீர்கள்.

பின்னர் `Alt+F11`, `Insert > Module`, அங்கே இதை ஒட்டுங்கள்:

```
Sub KeepGroups()
  Dim p As Paragraph, isLast As Boolean
  For Each p In Selection.Paragraphs
    isLast = True
    If Not p.Next Is Nothing Then isLast = (p.Next.Style = "Author")
    p.KeepWithNext = Not isLast
    p.SpaceAfter = IIf(isLast, 14, 0)
  Next p
  Selection.Paragraphs.Last.KeepWithNext = False
End Sub
```

பட்டியலை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு `Alt+F8` வழியாக ஓட்டுங்கள். அடுத்த பாரா எழுத்தாளர் பெயராக இருந்தால் இது குழுவின் கடைசி நூல் என்று அது புரிந்துகொள்ளும். அங்கே சங்கிலியை அறுத்து, அடியில் 14 புள்ளி, அதாவது சரியாக ஒரு வரி இடைவெளி விடும். பட்டியலில் ஏதாவது மாறும்போதெல்லாம் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம்.

அறிகுறி: பத்திகளின் தலை ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று ஒரு வரி இறங்கித் தொடங்குகிறது

குழுக்களுக்கு நடுவில் இருந்த வெற்று வரி பத்தியின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. வெற்று பாராவும் ஒரு வரிதான். எங்கே விழுந்தாலும் வேர்டு அதற்கு இடம் கொடுக்கும். மேலே சொன்னபடி வெற்று வரியை நீக்கி `Spacing After` கொடுத்திருந்தால் இது வராது, ஏனென்றால் பத்தியின் அடியில் விழும் இடைவெளி அடுத்த பத்திக்குத் தாவாது. `Spacing Before` வைப்பதை நான் தவிர்க்கிறேன். கையால் பத்தியை வெட்டிய இடங்களில் அது தலையில் அப்படியே நிற்கும்.

அறிகுறி: நடுப் பக்கத்தில் ஒரு பத்தியின் அடியில் இருபது வரி காலியாகக் கிடக்கிறது

சங்கிலி நீளமாகிவிட்டது. நம் பட்டியலில் ஒருவருக்கு மட்டும் 31 நூல்கள். பெயர், இடைவெளி சேர்த்தால் 33 வரி. பத்தியில் 30 வரி மீதி இருக்கும்போது இந்தக் குழு வந்தால், அத்தனையும் காலியாக விட்டுவிட்டு அது அடுத்த பத்திக்குத் தாவும். 93 வரிக் கையிருப்பில் 30 ஒரே இடத்தில் போயிற்று. சங்கிலி ஒரு பத்தியின் உயரத்தையே மீறிவிட்டால் வேர்டு அதை மதிக்காமல் தனக்குத் தோன்றிய இடத்தில் உடைத்துவிடும்.

எனக்கு ஒரு வரம்பு உண்டு: பத்தியின் மூன்றில் ஒரு பங்கு. 54 வரிப் பத்தியில் 18 வரி. அதற்குள் அடங்கும் குழுவை உடைக்கவே மாட்டேன். அதற்கு மேல் போனால் உடைய அனுமதிப்பேன். அப்போதும் பெயரோடு குறைந்தது மூன்று நூல் மேலே நிற்க வேண்டும், அடுத்த பத்திக்கும் மூன்று நூலாவது போக வேண்டும். இதைச் செய்ய, மேக்ரோ ஓட்டி முடித்த பிறகு பெரிய குழுவின் நடுவில் உள்ள நூல்களைத் தேர்ந்தெடுத்து `Keep with next` குறியை எடுத்துவிட்டால் போதும். முதல் இரண்டு நூலிலும் கடைசிக்கு முந்தைய இரண்டு நூலிலும் குறி அப்படியே இருக்கட்டும்.

உடைந்த இடத்தில் அடுத்த பத்தியின் தலையில் எழுத்தாளர் பெயரையும் 'தொடர்ச்சி' என்ற சொல்லையும் சேர்த்து ஒரு வரி போடுகிறேன். இதை வேர்டு தானாகச் செய்யாது. கையால்தான் போட வேண்டும், அதுவும் கடைசித் திருத்தம் முடிந்த பிறகே போட வேண்டும். முன்னால் போட்டுவிட்டு, பிறகு எங்கோ ஒரு நூல் சேர்ந்து அந்த வரி பத்தியின் நடுவில் போய் நின்றதை ஐந்நூறு படி அச்சான பிறகு பார்த்திருக்கிறேன். அந்த வேதனை வேறு யாருக்கும் வேண்டாம்.

இந்த வரம்பின்படி ஓட்டியபோது, முதல் மூன்று பக்கத்தின் ஒன்பது பத்திகளிலும் சேர்த்து 21 வரிதான் வீணாயிற்று. 555-ம் 21-ம் சேர்ந்து 576. முதல் மூன்று பக்கம் 486 வரியை எடுத்துக்கொண்டது. நாலாம் பக்கத்துக்கு 90 வரி வந்தது.

அறிகுறி: எல்லாம் செய்தும் கடைசிப் பக்கத்தின் மூன்று பத்தியும் சமமாக வரவில்லை

90 வரி, மூன்று பத்தி, ஆளுக்கு 30 வரி என்றுதான் எதிர்பார்ப்போம். எனக்கு வந்தது 35, 31, 24. பதிப்பாளர் பார்த்ததும், "மூன்றாவது பத்தி குட்டையாக இருக்கிறதே தம்பி" என்றார். அவருக்குக் காட்டிய கணக்கை இங்கேயும் காட்டுகிறேன்.

அந்தப் பக்கத்தில் ஒன்பது எழுத்தாளர்கள். பெயர், நூல்கள், இடைவெளி எல்லாம் சேர்த்து அவர்களின் வரிகள் அகரவரிசையில் இப்படி: 14, 9, 12, 6, 17, 8, 5, 11, 8. முதல் பத்தியில் 14-ம் 9-ம் சேர்ந்து 23. அடுத்ததைச் சேர்த்தால் 35. சேர்க்காவிட்டால் 23-லேயே நிற்கும். பிறகு 12-ம் 6-ம் இரண்டாம் பத்தியில் 18 ஆகும். அதோடு 17 சேர்ந்தால் 35. சேரவில்லை என்றால் மீதி 49 வரியும் மூன்றாம் பத்தியில் விழும். எப்படிச் சுற்றினாலும், குழுவை உடைக்காமல், வரிசையை மாற்றாமல், மிக உயரமான பத்தி 35-க்குக் கீழே இறங்காது. வேர்டின் மீது குற்றமில்லை. கட்டிகளின் அளவு அப்படி.

சமமாகத்தான் வேண்டும் என்றால் இரண்டே வழி. ஒன்று, 12 வரிக் குழுவை உடைப்பது. பெயரும் ஆறு நூலும் முதல் பத்தியில் நின்றால் அது 30. மீதி நாலு நூலும் இடைவெளியும், ஒரு 'தொடர்ச்சி' வரியும் சேர்ந்து இரண்டாம் பத்தி 29. மூன்றாவது 32. கண்ணுக்குச் சமம்தான். ஆனால் பத்து நூல் எழுதியவரை இரண்டாகப் பிளந்திருப்போம். மற்றொன்று, வரிசையை மாற்றுவது. 17, 8, 5 சேர்ந்தால் 30. 12, 6, 11 சேர்ந்தால் 29. 14, 9, 8 சேர்ந்தால் 31. இது ஏறக்குறைய முழுச் சமம், குழு எதுவும் உடையவில்லை. ஆனால் அகரவரிசை போய்விட்டது. எழுத்தாளர் பெயரைத் தேடி வருகிறவருக்கு அகரவரிசைதான் வழிகாட்டி. வரிசைக்கு அவசியமில்லாத பட்டியல்களில், எடுத்துக்காட்டாக நாவல், கட்டுரை, சிறுவர் நூல் என்று வகைவாரியாக அடுக்கும் பட்டியலில், இந்த மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம்.

நான் 35, 31, 24 என்றே விட்டேன். பத்தியில் 54 வரி பிடிக்கும்போது 35-ல் நிற்பதால் ஒரு தாள்கூட அதிகமாகவில்லை. பக்க எண்ணிக்கையைத் தீர்மானித்தவை மொத்த வரிகளும் ஒன்பது பத்திகளில் வீணான 21 வரியும்தான். கடைசிப் பக்கத்தின் சமம் அழகுக்கு மட்டும். அழகுக்காக ஓர் எழுத்தாளரைப் பிளக்க எனக்கு மனம் வரவில்லை. பதிப்பாளரும் கணக்கைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். மூன்றாம் பத்தியின் அடியில் இருந்த இடத்தில் அரங்கு எண்ணை ஒரு சிறு பெட்டியாகப் போட்டோம்.

அறிகுறி: விலை அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறது, அல்லது நூல் பெயர் விலையோடு முட்டுகிறது

58 மி.மீ. அகலத்தில் இது தவறாமல் வரும். விலையை வலது டேப் கொண்டு நிறுத்துங்கள். டேப் 5.8 செ.மீ.யில் இருக்கட்டும். அதோடு நூல் ஸ்டைலுக்கு வலது பக்கம் 1.2 செ.மீ. `Indent` கொடுங்கள். நூல் பெயர் அந்த 1.2 செ.மீ.க்கு முன்பே மடிந்துவிடும். விலை மட்டும் அதைத் தாண்டிப் போய் ஓரத்தில் நிற்கும். மடிந்த இரண்டாம் வரிக்கு 3 மி.மீ. `Hanging` கொடுத்தால் அது புதிய நூல் அல்ல என்பது தெளிவாகத் தெரியும்.

அறிகுறி: பக்கத்துப் பத்திகளின் வரிகள் நேர்க்கோட்டில் இல்லை; எண்ணிய 54 வரியும் பிடிக்கவில்லை

தமிழில் இது மிகுதி. வரி இடைவெளி `Single` என்று இருந்தால் ஒவ்வொரு வரியின் உயரமும் அதில் உள்ள எழுத்துருவைப் பொறுத்து மாறும். நூல் பெயர் ஒரு தமிழ் எழுத்துருவிலும், விலை எண்கள் வேறொரு எழுத்துருவிலும் இருக்கும். பெயர் மட்டும் உள்ள வரி ஓர் உயரம், எண் கலந்த வரி இன்னோர் உயரம். ஒரு வரியில் அரைப் புள்ளி கூடினாலும் 54 வரிக்கு 27 புள்ளி, ஏறக்குறைய இரண்டு வரி போய்விடும். இடம் நெருக்கமாக உள்ள பட்டியலில் நாலு பக்கம் ஐந்தாகிவிடுவது அப்படித்தான்.

எல்லா ஸ்டைலிலும் `Line spacing` என்பதை `Exactly`, `14 pt` என்று வையுங்கள். 10 புள்ளி எழுத்துக்கு இது போதும். இன்னும் இரண்டு வரி பிடிக்கலாமே என்று இடைவெளியைக் குறைக்கும்போது கவனம் வேண்டும். `Exactly` என்றால் எழுத்து உயரமாக இருந்தாலும் வேர்டு அதன் தலையை வெட்டிவிடும். கீ, ஸ்ரீ, வீ போன்றவற்றின் மேற்சுழி முதலில் போகும். கூ, பூ, ணூ ஆகியவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியை உரசும். இந்த எழுத்துகள் அடுத்தடுத்த வரிகளில் வருகிற இடத்தைத் தேடி, ஒரு பக்கம் அச்செடுத்துப் பார்த்த பிறகே இடைவெளியை முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: என் கணினியில் நாலு பக்கம், அச்சுக்குக் கொடுத்த இடத்தில் ஐந்து

வேர்டு கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே உங்கள் எழுத்துரு இல்லை. வேறொன்று அந்த இடத்தில் உட்கார்ந்து, மடிந்த நூல்கள் 63 என்பது 150 ஆகிவிட்டது. `File > Save As` வழியாகப் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். அச்சிடும்போது `Actual size` என்று வைக்கச் சொல்லுங்கள். `Fit` என்று விட்டால் 10 புள்ளி எழுத்து இன்னும் சுருங்கும். ஏற்கெனவே சிறிய எழுத்து அது. ஐந்நூறு படிக்கு முன் ஒரே ஒரு படி இருபக்கமும் அச்சிட்டு வாங்குங்கள். நாலாம் பக்கத்தின் கடைசி நூல் உங்கள் கோப்பின் கடைசி நூல்தானா என்று பாருங்கள். பிறகு, உடைந்த பெரிய குழுவின் 'தொடர்ச்சி' வரி பத்தியின் தலையில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் மீதி 499-ஐயும் ஓட்டச் சொல்லலாம்.